முன்னிலை இல்லாத உரையாடல்: வேங்கிக்கால் நிறுத்தத்தில் ஒரு மழைக்காட்சி

தமிழில் இருவர் பேசத் தொடங்கும்போது, என்ன பேசுவது என்பதற்கு முன்பே எதிரில் இருப்பவரை எப்படி விளிப்பது என்ற கேள்வி வந்து நிற்கிறது. ‘நீ’ என்பதா ‘நீங்க’ என்பதா, ‘சார்’, ‘மேடம்’ என்ற அலுவலக விளி போதுமா, ‘அண்ணா’, ‘அக்கா’ என்று உறவுக்குள் கொண்டுவந்துவிடுவதா என்பதைப் பேசுபவர் முதல் வாக்கியத்திலேயே தீர்த்தாக வேண்டும். பெயரைத் தவிர்த்துவிட்டாலும் வினைமுற்று விடாது. ‘போறியா’, ‘போறீங்களா’ என்ற இரண்டில் ஒன்றைச் சொன்ன கணத்திலேயே உறவின் அளவு வெளிப்பட்டுவிடும். ஒருவரை ஒருவர் பல மாதங்களாக அறிந்தும் பேசிப் பழகாத இரு சக ஊழியர்கள் மழைக்கு ஒதுங்கும் காட்சியை உரையாடலாக எழுத முற்படுபவருக்கு இந்த இலக்கணமே முதல் தடையாகவும், சரியாகப் பிடித்துக்கொண்டால் முதல் கருவியாகவும் அமைகிறது.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் காட்சி, நடிப்புப் பயிற்சிகளில் பயன்படும் பாத்திரமேற்றல் என்னும் முறைக்கு உரியது. பாத்திரமேற்றல் என்பது, எழுதிவைத்த வசனம் இல்லாமல், யார், எங்கே, எப்போது என்ற சூழலை மட்டும் இருவரிடம் கொடுத்து, அவர்கள் அந்த ஆட்களாகவே இருந்து பேசிப் பார்ப்பது. அமெரிக்க நாடகப் பயிற்சியாளர் வயோலா ஸ்போலின் 1963இல் வெளியிட்ட நூலில் இடம், ஆள், செயல் ஆகிய மூன்றையும் இத்தகைய பயிற்சியின் அடிப்படையாக வைத்தார். தமிழ் வாசகருக்கு இது புதிய பட்டியலாகத் தோன்ற வேண்டியதில்லை. தொல்காப்பியத்தின் செய்யுளியல் எண்ணும் 34 உறுப்புகளில் கூற்று, கேட்போர், களன், காலம், பயன் ஆகியவை அடுத்தடுத்து வருகின்றன. பேசுபவர் யார், கேட்பவர் யார், எந்த இடம், எந்த நேரம், எதன்பொருட்டு என்பவையே அவை. அவற்றோடு மெய்ப்பாட்டையும் எச்சத்தையும் முன்னத்தையும் சேர்த்து எண்ணியதில்தான் தொல்காப்பியரின் பட்டியல் ஸ்போலினுடையதைவிட ஆழமாகிறது. எச்சம் என்பது சொல்லாமல் விடப்பட்டுக் கேட்பவரால் நிரப்பிக்கொள்ளப்படுவது. முன்னம் என்பது, இந்தச் சொல் இந்த இடத்தில் இன்னார் இன்னாரிடம் சொல்லத்தக்கது என்பதைச் சொல்லைக் கொண்டே உணர்ந்துகொள்ளச் செய்யும் குறிப்பு. கூச்சமுள்ளவர்களின் பேச்சு இந்த இரண்டையும் நம்பியே நிற்கிறது.

‘கூச்சம்’ என்ற சொல்லை இங்கே வேண்டுமென்றே தேர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அச்சம், நாணம், மடம் ஆகியவற்றைத் தொல்காப்பியம் பெண்ணுக்கு உரியனவாகவும், பெருமை, உரன் ஆகியவற்றை ஆணுக்கு உரியனவாகவும் வகுத்தது. அதனால் ‘நாணம்’ என்று எழுதியவுடன் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் ஊழியர் தலைவியாகிவிடுகிறார், அவருக்கு எதிரில் கூச்சப்படும் ஆணுக்கு இடமே இல்லாமல் போகிறது. கூச்சம் அப்படிப் பால் பார்ப்பதில்லை. அது ஒழுக்கமும் ஆகாது, அழகும் ஆகாது; தன்னை மற்றவர் கவனிக்கிறார் என்ற உணர்வில் நாக்கும் கையும் தடுமாறுவது மட்டுமே. ‘கூச்ச சுபாவம்’ என்று அலுவலகங்களில் சொல்வது இதைத்தான்.

களத்தைப் பொறுத்தவரை, திருவண்ணாமலை நகரின் வடபுறம் வேலூர் சாலையில் உள்ள வேங்கிக்காலே பொருத்தமான இடம். மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் அதைச் சார்ந்த பல அரசு அலுவலகங்களும் அங்கே இருப்பதால், மாலை ஆறு மணிக்கு மேல் நிறுத்தத்தில் நிற்பவர்களில் கணிசமானோர் கோப்புகளோடு பகலைக் கழித்தவர்கள். காட்சியின் இருவரும் ஒரே அலுவலகத்தில், ஆனால் வேறு வேறு பிரிவுகளில் பணிபுரிபவர்கள்: பெண் தபால் பிரிவில், ஆண் கணக்குப் பிரிவில். பெண்ணுக்கு ஊர் தென்கிழக்கே வேட்டவலம், ஆணுக்கு மேற்கே செங்கம். ஆகவே இருவரும் நகரப் பேருந்து நிலையம் வரை ஒரே பேருந்தில் போய், அங்கிருந்து பிரிய வேண்டியவர்கள். அகப்பாட்டில் ஒருவரின் இயற்பெயரைச் சுட்டக்கூடாது என்ற பழைய விதி இங்கேயும் உதவுகிறது. அலுவலக வழக்கப்படி அவர்கள் ‘தபால்’, ‘கணக்கு’ என்றே குறிக்கப்படுகிறார்கள்.

காலம் கார்த்திகை மாதம், தீபத் திருவிழாவுக்குச் சில நாள் முன்பு. வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வதால் தீபமும் மழையும் இந்த ஊரில் பெரும்பாலும் ஒன்றாகவே வருகின்றன. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். மலையும் கூதிரும் சேர்ந்தால் அது குறிஞ்சி, அதாவது கூடுதலுக்கு உரிய திணை. ஆனால் காட்சி நடக்கும் பொழுது மாலை. மாலையும் காத்திருத்தலும் முல்லைக்கு உரியவை. திணைகள் இப்படிக் கலந்து வருவதைத் தொல்காப்பியம் தடுக்கவில்லை. கூடவும் முடியாமல், காத்திருப்பதாகச் சொல்லிக்கொள்ளவும் உரிமை இல்லாமல் நிற்கும் இருவருக்கு இந்தக் கலப்பைவிடப் பொருத்தமான முதற்பொருள் கிடைப்பது அரிது.

பயிற்சியில் இந்தக் காட்சியைக் கட்டும் முறை எளியது. நடிக்கும் இருவருக்கும் தனித்தனியே ஒரு துண்டுச் சீட்டு கொடுக்கப்படுகிறது. ஒருவர் சீட்டில் இருப்பது மற்றவருக்குத் தெரியாது. கணக்குப் பிரிவுக்காரரின் சீட்டில், சம்பளப் பட்டியல் தயாரிப்பவர் என்பதால் பெண்ணின் ஊரும் முகவரியும் அவருக்கு ஏற்கனவே தெரியும் என்றும், தெரியும் என்பதைக் காட்டிக்கொள்ளக்கூடாது என்றும் இருக்கும். தபால் பிரிவுக்காரரின் சீட்டில், அந்த ஆள் அலுவலகத்தில் யாரிடமும் பேசாமல் தனியே சாப்பிடுவதை அவர் கவனித்திருக்கிறார் என்று மட்டும் இருக்கும். காதல் என்ற சொல் இரண்டு சீட்டிலும் இருக்கக்கூடாது. அந்தச் சொல்லைக் கொடுத்துவிட்டால் நடிப்பவர்கள் இரண்டாம் நிமிடத்திலேயே அதை நோக்கி ஓடத் தொடங்குவார்கள், கூச்சம் வெறும் பாவனையாகிவிடும். மூன்றாவது ஆள் ஒருவர் தகரத்தின்மேல் விரல்களால் தட்டி மழையை ஒலிக்கிறார். தட்டுவது நின்றால் காட்சி முடிந்தது.

இதை எழுத்தில் கொண்டுவரும்போது முதலில் நேரும் தவறு எப்படி இருக்கும் என்பதைப் பார்ப்பது பயனுள்ளது. தொடக்க எழுத்தாளர் ஒருவர் எழுதக்கூடிய வடிவம் பின்வருமாறு அமையும்.

கணக்கு: (வெட்கத்துடன்) நீங்கள் எந்த ஊர்?
தபால்: (தலைகுனிந்து) என் ஊர் வேட்டவலம். உங்கள் ஊர்?
கணக்கு: செங்கம். உங்களுக்கு மழை பிடிக்குமா?
தபால்: (புன்னகையுடன்) மிகவும் பிடிக்கும்.

இதில் இருவரும் கூச்சப்படுவதாக அடைப்புக்குறிகள் சொல்கின்றனவே தவிரப் பேச்சு சொல்லவில்லை. கேள்வி, பதில், எதிர்க்கேள்வி என்று நேர்காணல் போல ஓடுகிறது. நான்கு வரிகளில் மூன்று முன்னிலைச் சொற்கள் வந்துவிட்டன. ‘நீங்கள்’, ‘உங்கள்’, ‘உங்களுக்கு’ என்று ஒருவரை ஒருவர் நேரே சுட்டிப் பேசக்கூடியவர்களுக்குக் கூச்சம் போய்விட்டது என்றே பொருள். ‘தபால்’, ‘கணக்கு’ என்ற முகப்புகளை மறைத்துவிட்டால் எந்த வரி யாருடையது என்று ஊர்ப்பெயரைக் கொண்டு மட்டுமே சொல்ல முடியும். முன்னம் இல்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இதற்கு மாற்றாக, முன்னிலையைத் தொடாமலேயே பேச முடியுமா என்று பார்த்தால், பேச்சுத்தமிழ் அதற்குத் தாராளமாக இடம் கொடுக்கிறது. ‘வேணும்’, ‘தெரியும்’, ‘பிடிக்கும்’ போன்ற வினைகள் பேசுபவர், கேட்பவர், படர்க்கை என்ற மூன்று இடத்துக்கும் மாறாமல் நிற்பவை. ‘-லாம்’ என்று முடியும் வினையும் அப்படியே. ‘உக்காரலாம்’ என்றால் நான் உட்காரலாம், நீங்கள் உட்காரலாம், நாம் உட்காரலாம் என்ற மூன்றுக்கும் இடமுண்டு. நன்னூல் ‘வேறு’, ‘இல்லை’, ‘உண்டு’ ஆகிய சொற்களை ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் பொதுவானவை என்று வகைப்படுத்தியது இந்தப் பொதுமையைத்தான். இலக்கண நூலில் ஒரு வகைப்பாடாக இருப்பது, கூச்சமுள்ளவரின் வாயில் ஒரு மறைவிடமாகிறது. காட்சியின் முதல் பகுதி இந்த மறைவிடத்திலிருந்தே தொடங்குகிறது.

கணக்கு: மழ புடிச்சிடுச்சு.
தபால்: ஆமா.
(மழை.)
தபால்: உடுற மாதிரி தெரியல.
கணக்கு: ம். பஸ்ஸு வருமா என்னன்னு தெரியல.
தபால்: வேட்டவலம் பஸ்ஸு எப்பவுமே லேட்டுதான்.
கணக்கு: செங்கம் பஸ்ஸும் அப்படித்தான்.

மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி 1923இல், செய்தி சொல்வதற்காக இல்லாமல் உறவைத் தொட்டுப் பார்ப்பதற்காக மட்டும் பேசப்படும் பேச்சைத் தனியே வகைப்படுத்தினார். வானிலையைப் பற்றிய பேச்சு அதற்கு அவர் காட்டிய வகை. இங்கே முதல் நான்கு வரிகளும் அந்த வகையைச் சேர்ந்தவை. மழை பெய்வது இருவருக்கும் தெரியும். தெரிந்ததைச் சொல்வதன் நோக்கம், பேச்சுக்கு எதிர்ப்பு இருக்கிறதா என்று பார்ப்பதே. ஆனால் ஐந்தாவதாகப் பெண் சொல்லும் பேருந்தின் பெயரில் செய்தி வந்துவிடுகிறது. யாரும் கேட்காமலே அவர் தம் ஊரைச் சொல்லிவிட்டார், அதையும் பேருந்தைப் பற்றிய குறையாகச் சொல்லிவிட்டார். அடுத்த வரியில் ஆண் அதே அளவில், அதே வடிவில் தம் ஊரைக் கொடுக்கிறார். ‘வேட்டவலமா?’ என்று அவர் கேட்காமல் இருப்பதில்தான் எச்சம் இருக்கிறது. கேட்காததற்குக் காரணம் அவருக்கு அது முன்பே தெரியும் என்பது சீட்டைப் பார்த்தவர்களுக்கு விளங்கும், சீட்டைப் பார்க்காத வாசகருக்கோ அது ஒரு சிறிய உறுத்தலாக மட்டும் தங்கும். உறுத்தல் போதும்.

‘(மழை.)’ என்ற குறிப்பு மௌனத்துக்கான குறி. உரையாடலை நுணுகி ஆராய்ந்த சாக்ஸ், ஷெக்லாஃப், ஜெஃபர்சன் ஆகிய மூவரும் 1974இல் வெளியிட்ட கட்டுரை, ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் முறைமாற்றத்தைப் பேச்சின் அடிப்படை அமைப்பாக விளக்கியது. பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஆய்வொன்று, கேள்விக்கும் பதிலுக்கும் இடையிலான இடைவெளி சராசரியாக 200 மில்லிநொடி அளவில், அதாவது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்காக, இருப்பதைக் கண்டது. இவ்வளவு நெருக்கமாகப் பழகிப்போன காதுக்கு மூன்று நொடி மௌனம் மிக நீண்டது. கூச்சமுள்ளவருக்கு அது தாங்க முடியாதது. மழைக்குள் நிற்கும்போது மட்டும் அந்த மௌனத்துக்கு ஒரு சாக்கு கிடைக்கிறது, ஏனெனில் இருவரும் மழையைப் பார்த்துக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்ளலாம். தோழி இல்லாத இந்தக் களவில் தோழியின் வேலையை மழை செய்கிறது என்று சொன்னால் மிகையாகாது. புள்ளி புள்ளியாக வைத்து மௌனத்தைக் காட்டுவதைவிட, மௌனத்தின்போது எது ஒலித்தது என்பதை எழுதுவது நேர்மையான வழி.

காட்சியின் இரண்டாம் பகுதியில் ஒரு வட்டார வழக்குச் சொல் நுழைகிறது. வட தமிழகத்தில் ‘உட்கார்’ என்பதற்குப் பேச்சில் ‘குந்து’ என்பது பரவலான சொல். வீட்டில், வயலில், டீக்கடையில் புழங்கும் அது அலுவலகத்துக்குள் வரும்போது வாசலில் நின்றுவிடும்.

கணக்கு: சாரல் அடிக்குது. இந்தப் பக்கம் குந்தலாம்... உக்காரலாம்.
தபால்: பரவால்ல.
(மழை.)
தபால்: ஃபைலு நனைஞ்சிடப் போவுது.
கணக்கு: எது?
தபால்: கையில இருக்கறது.
கணக்கு: இதுவா. இது ஃபைலு இல்ல, சாப்பாட்டு டப்பா.
தபால்: ஓ.

சொன்ன சொல்லைப் பேசுபவரே உடனே மாற்றிச் சொல்வதை உரையாடல் ஆய்வாளர்கள் தன்திருத்தம் என்பார்கள். ‘குந்தலாம்’ என்று வாய்க்கு வந்ததை ‘உக்காரலாம்’ என்று ஆண் திருத்திக்கொள்ளும் அந்த ஒரு நொடியில், அவர் எங்கே வளர்ந்தார், அலுவலகத்தில் எதை மறைத்துக்கொள்கிறார், யார் முன்னால் மறைக்கத் தவறினார் என்ற மூன்றும் தெரிந்துவிடுகின்றன. ‘வெட்கத்துடன்’ என்ற அடைப்புக்குறி ஒன்று சாதிக்காததை இத்திருத்தம் சாதிக்கிறது. பெண்ணின் மறுமொழியும் கவனிக்கத்தக்கது: ‘பரவால்ல’ என்பது மறுப்பு, ஆனால் நன்றியின் வடிவில் உள்ள மறுப்பு, உடனே எழுந்து பக்கத்தில் அமர்வதற்கு இன்னும் காரணம் பிறக்கவில்லை. அடுத்து அவர் ‘நீங்க நனையப் போறீங்க’ என்று சொல்லாமல் கோப்பு நனைவதைப் பற்றிக் கவலைப்படுகிறார். ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டியதை ஆளின் கையில் உள்ள பொருளின்மேல் ஏற்றிவிடுவது கூச்சப் பேச்சின் இயல்பு. ‘உங்க கையில’ என்றுகூட வராமல் ‘கையில இருக்கறது’ என்று கை யாருடையதோ போல நின்றுவிடுகிறது. அது கோப்பாக இல்லாமல் சாப்பாட்டு டப்பாவாக இருப்பது தற்செயல் அன்று. தனியே சாப்பிடுபவர் என்று அவர் கவனித்திருந்த ஆளின் டப்பா அது என்பதால் அந்த ‘ஓ’ சிறிது கனமாகவே விழுகிறது.

மூன்றாம் பகுதி மலைக்குத் திரும்புகிறது. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்ததை அடுத்து, 2024 டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலை மலையடிவாரத்தில் மண்சரிந்து ஏழு பேர் உயிரிழந்தனர். அதன் பிறகு இந்த ஊரில் மழைக்காலத்தில் மலையை அண்ணாந்து பார்ப்பது பக்தி மட்டுமே என்று சொல்லிவிட முடியாது. காட்சி அந்தத் துயரத்தைப் பேசுவதில்லை. பேசாமல் மலையைப் பார்க்கிறது.

கணக்கு: இன்னைக்கு மல தெரியல.
தபால்: மத்தியானமே மூடிடுச்சு. தபால் கட்டு பிரிக்கறப்போ ஜன்னல்ல பாத்தேன்.
கணக்கு: அந்த ஜன்னல்லருந்து தெரியுமா?
தபால்: நல்லாத் தெரியும். கணக்கு செக்‌ஷன்லதான் ஜன்னலே இல்ல.
கணக்கு: இல்ல. பீரோதான்.
(இருவரும் சிரிக்கிறார்கள். மழை.)
தபால்: அங்க சாரல் இன்னும் ஜாஸ்தியா அடிக்குது. இப்படி குந்தலாம்.

‘பாத்தேன்’ என்பது காட்சியில் வரும் முதல் தன்மை வினைமுற்று. அதுவரை மழையும் பேருந்தும் கோப்புமே எழுவாய்களாக இருந்தன. இப்போதுதான் ஓர் ஆள் தன்னை வாக்கியத்துக்குள் வைக்கிறார். எழுதுபவர் இதற்கு முன் எங்கும் ஒரு ‘-ஏன்’ விகுதியைச் செலவழித்துவிடாமல் இருந்தால் மட்டுமே இந்த இடத்தில் அது கேட்கும். பாத்திரமேற்றலில் நடிப்பவர்கள் இயல்பாகவே பல ‘நான்’களைச் சொல்லிவிடுவார்கள், எழுத்தில் அவற்றை நீக்கி, ஒன்றை மட்டும் சரியான இடத்தில் விடுவது எழுதுபவரின் வேலை. கணக்குப் பிரிவில் ஜன்னல் இல்லை என்பது பெண்ணுக்குத் தெரிந்திருப்பதும் இதோடு சேர்ந்தது. அவர் அந்த அறையைக் கவனித்திருக்கிறார் என்பதை அவரே சொல்லாமல் சொல்லிவிடுகிறார். கவனித்திருப்பது இப்போது இரு பக்கமும் சமமாகிவிட்டது. சிரிப்பு அதன்பின் வருகிறது.

இதற்கெல்லாம் மேலாக அந்தப் பெண் ‘குந்தலாம்’ என்கிறார். ஆண் நழுவவிட்டுத் திருத்திக்கொண்ட சொல்லை அவர் எடுத்துத் திருத்தாமல் பயன்படுத்துகிறார். வேட்டவலத்திலும் அதுவே வீட்டுச் சொல் என்பதால் அவருக்கு அது இரவல் இல்லை. ஆனால் ஓர் அலுவலக ஊழியரிடம் அதைச் சொல்வது, நீங்கள் மறைத்தது எனக்கும் உரியது என்று தெரிவிப்பதாகிறது. இக்காட்சியில் நெருக்கம் என்று சொல்லத்தக்க செயல் இது ஒன்றே. கை படுவது, குடையைப் பகிர்வது, துப்பட்டாவை நீட்டுவது போன்ற திரைப்படச் செயல்கள் எவையும் இந்த அளவுக்குச் சொல்வதில்லை.

ஒப்பிட்டுப் பார்க்கத் தமிழில் அருகிலேயே ஒரு படைப்பு உண்டு. 1966இல் ஆனந்த விகடனில் வந்த ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையிலும் மழை உண்டு, பேருந்துக்குக் காத்திருக்கும் பெண் உண்டு. ஆனால் அங்கே வந்து நிற்பது கார். காருக்குள் இருப்பவருக்கும் மழையில் நிற்பவருக்கும் இடையே வசதியிலும் வயதிலும் அதிகாரத்திலும் உள்ள இடைவெளியில்தான் அந்தக் கதை பிறக்கிறது. வேங்கிக்கால் நிறுத்தத்தில் யாரிடமும் கார் இல்லை, குடையும் இல்லை. இருவரும் ஒரே அளவு நனைந்தவர்கள் என்பதால் மழை இங்கே யாரையும் யாரிடமும் ஒப்படைப்பதில்லை. நேரத்தை மட்டுமே கொடுக்கிறது.

மாவட்டத்தின் சொந்த நாடக மரபோடு வைத்துப் பார்த்தால் வேறொரு வேறுபாடு தெளிவாகிறது. செய்யாறு அருகிலுள்ள புரிசை, தெருக்கூத்துக்குப் பெயர்பெற்ற ஊர். 1977இல் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமி புரிசைக் கண்ணப்பத் தம்பிரானிடமிருந்து நிறையக் கற்றுக்கொண்டார். கூத்தில் ஒரு வேடம் திரைக்குப் பின்னிருந்து மெல்ல வெளிப்பட்டு, கட்டியங்காரன் கேட்க, தான் யார், எந்த நாட்டு மன்னன் என்று தானே அறிவித்துக்கொள்ளும். பேருந்து நிறுத்தத்துக் காட்சியில் கட்டியங்காரன் இல்லை. யாரும் யாரையும் கேட்பதில்லை, யாரும் தம்மை அறிவிப்பதில்லை. கூத்தின் முதல் பத்து நிமிடம் செய்வதை இக்காட்சி முழு நேரமும் தவிர்க்கிறது. கூத்து நடிகர்களிடம் இந்தப் பயிற்சியைக் கொடுத்தால் குரல் உயர்ந்துவிடும் என்பதால், அவர்கள் காட்சியை ஒருவரை ஒருவர் பார்க்காமல், முன்னால் உள்ள சாலையைப் பார்த்துக்கொண்டே பேசிப் பழகுவது உதவும்.

காட்சியின் இறுதிப் பகுதி தமிழில் உள்ள மற்றொரு வேறுபாட்டைப் பயன்படுத்துகிறது. கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் ‘நாம்’, கேட்பவரை விலக்கும் ‘நாங்கள்’ என்ற இரண்டும் தமிழில் தனித்தனி. பேச்சில் அவற்றின் உடைமை வடிவங்கள் ‘நம்ம’, ‘எங்க’ என்று வரும்.

கணக்கு: தீபத்தன்னைக்கு லீவு உண்டா, நம்ம ஆபீஸ்ல?
தபால்: உண்டு. இந்த மாவட்டம் பூராவும் உண்டு.
கணக்கு: எங்க தெருவுலருந்து தீபம் தெரியாது.
தபால்: எங்க மாடியிலருந்து தெரியும். வானம் நல்லாருந்தா.
(மழை குறைகிறது.)
கணக்கு: பஸ்ஸு வருது.
தபால்: கூட்டமாருக்கு.
கணக்கு: அடுத்ததுல போலாம்.
தபால்: ம்.
(பேருந்து நின்று, கிளம்பிப் போகிறது.)
தபால்: அடுத்தது நம்ம பஸ்ஸு.

முதல் ‘நம்ம’ அலுவலகத்துக்கு உரியது. அதில் பத்து, பதினைந்து பேர் இருக்கிறார்கள், பாதுகாப்பான சொல். பின்வரும் இரண்டு ‘எங்க’ என்பனவும் அவரவர் வீட்டை அவரவரிடமே வைத்துக்கொள்கின்றன, ‘வானம் நல்லாருந்தா’ என்ற பின்சேர்க்கை மட்டும் ஓர் அழைப்பின் நிழலைப் போல நிற்கிறது. ‘அடுத்ததுல போலாம்’ என்பதில்தான் காட்சி திரும்புகிறது. ‘-லாம்’ விகுதி ஆளைச் சொல்லாது என்பதால், நான் அடுத்ததில் போகிறேன் என்றோ நாம் அடுத்ததில் போவோம் என்றோ இரு விதமாகவும் அதை எடுத்துக்கொள்ளலாம். பேசியவர் இரண்டுக்கும் பொறுப்பேற்கவில்லை. எந்தப் பொருள் என்பதை முடிவுசெய்யும் உரிமை கேட்பவரிடம் போகிறது. அவர் ‘ம்’ என்று சொல்லிவிட்டு முன்வந்த பேருந்தில் ஏறாமல் நிற்கிறார். விடை வினையில் வரவில்லை, பேருந்து அவரை ஏற்றாமல் போனதில் வந்தது. நடிக்கும்போது பலரும் இந்த இடத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துவிடுவார்கள், பார்த்தால் கெட்டது.

கடைசி வரியின் ‘நம்ம பஸ்ஸு’ அலுவலகத்தின் ‘நம்ம’விலிருந்து இருவரின் ‘நம்ம’வாகச் சுருங்கியிருக்கிறது. எனினும் அது உறுதிமொழி இல்லை. தமிழில் ‘நம்ம’ என்பதைத் தன்னை மட்டும் சுட்டவும், ஊர்ப்பொதுவாகவும் சொல்வதுண்டு, ஆகவே நாளை அலுவலகத்தில் எதுவும் நடக்காததுபோல இருக்க அவருக்கு வழி திறந்தே இருக்கிறது. மறுக்க இடம் வைத்துப் பேசுவதே கூச்சம் தெரிந்த துணிவு. இந்த இடத்தில் ‘நாளைக்குக் கொட எடுத்தாரணும்’ என்று ஒருவரும் ‘ஒண்ணு போதும்’ என்று மற்றவரும் சொல்லும்படி எழுதத் தோன்றுவது இயல்பு. அந்த இரண்டு வரிகளும் கைதட்டல் வாங்கும்; ஆனால் எச்சத்தை முழுக்கத் தீர்த்துவிடும், காட்சியில் அதுவரை சேர்த்துவைத்த அனைத்தையும் ஒரே வீச்சில் செலவழித்துவிடும். அவை நீக்கப்பட வேண்டியவை.

காட்சி முழுவதிலும் ‘நீ’, ‘நீங்க’, ‘உங்க’ என்ற சொற்களோ, முன்னிலை வினைமுற்றோ, ‘சார்’, ‘மேடம்’ என்ற விளியோ ஒருமுறையும் வரவில்லை. ‘அண்ணா’ என்ற சொல் ஒருமுறை வந்திருந்தால் உறவு அங்கேயே முடிவாகி, மழை நின்றதும் கதையும் நின்றிருக்கும். தன்மை ஒருமை வினைமுற்று ஒன்றே ஒன்று, ஜன்னலைப் பற்றிய வரியில் வந்தது. இந்த எண்ணிக்கைகளை எழுதுபவர் முன்கூட்டியே திட்டமிட வேண்டியதில்லை. முதல் வரைவை எழுதியபின் சிவப்பு மையால் முன்னிலைச் சொற்களைச் சுழித்து, ஒவ்வொன்றையும் ஆளில்லாத வினையாக மாற்ற முடியுமா என்று பார்த்தால் போதும். மாற்ற முடியாத இடம் ஒன்றிரண்டு மிஞ்சலாம். அவை காட்சிக்கு உண்மையிலேயே தேவையானவையாக இருக்கும்.

இதன் வரம்பையும் சொல்லியாக வேண்டும். வெவ்வேறு வட்டாரத்தைச் சேர்ந்த இருவருக்கு ‘குந்தலாம்’ என்ற பாலம் கிடைக்காது. மதுரைக்காரர் ஒருவர் வேங்கிக்காலில் நின்றிருந்தால் அந்தச் சொல் நெருக்கத்துக்குப் பதிலாகக் கேலியாகக் கேட்டிருக்கும், எழுதுபவர் வேறு சொல்லைத் தேட வேண்டியிருக்கும். மேலதிகாரியும் கீழ்ப்பணியாளரும் நிற்கும் காட்சிக்கும் இது பொருந்தாது, ஏனெனில் அங்கே ஒருவர் முன்னிலையைத் தவிர்ப்பது கூச்சமாகவும், மற்றவர் தவிர்ப்பது அலட்சியமாகவும் கேட்கும். சமமானவர்களின் கூச்சத்துக்கே இந்த இலக்கணம் வேலை செய்கிறது.

இதில் ஐயமுள்ள வாசகர், மேலே உள்ள நான்கு பகுதிகளையும் ‘தபால்’, ‘கணக்கு’ என்ற முகப்புகளைக் கைவிரலால் மறைத்துக்கொண்டு ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்கலாம். எந்த வரியில் யார் பேசுகிறார் என்பது எங்கே தெரியாமல் போகிறதோ, அங்கே இந்த உரையாடல் இன்னும் சரியாக எழுதப்படவில்லை என்று கொள்க.